பத்து சதவிகிதம் என்றால் எவ்வளவு ரூபாய்?



பள்ளிகள் திறப்பதற்கு முன்னால் நம்மில் பலர் வீட்டில் ஒரு பேச்சு ஓடும். 'அக்ரிமென்ட் முடியப்போகுது. ஹவுஸ் ஓனர் எவ்வளவு ஏத்துவாரோ?' என்ற பேச்சுதான். வீடு மாறலாமா என்று ஒரு நாள் யோசிப்போம். குழந்தையின் பள்ளி, புது வீட்டுக்கான அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், லாரிக் கூலி எல்லாவற்றையும் நினைத்துப் பார்ப்போம். இருக்கிற வீடே நல்லது என்று முடிவாகும். ஓனர் புதுப்பித்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். எவ்வளவு சதவிகிதம் என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.

பேரம் பேசுபவர்களும் அந்த ஒரு எண்ணைத்தான் பேசுகிறோம். 'பத்து வேண்டாம் சார், எட்டு போடுங்க' என்போம். ஓனர் இறங்கினால் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சதவிகிதத்தைச் சுற்றி இருக்கும் வார்த்தைகளை யாராவது வாசிக்கிறோமா? எந்தத் தொகையின் மேல் பத்து? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பத்து? வாடகையோடு வேறு எதுவும் சேர்ந்து ஏறுகிறதா?

இந்த மாதம் அந்த ஒரே ஒரு வரியை உங்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பேனாவும் பேப்பரும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளுக்கான 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வாடகையை எப்படி உயர்த்துவது? அதற்கு, ஒப்பந்தத்தில் இருவரும் எழுதிக்கொண்டபடி என்பதுதான் பதில். இத்தனை சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு எதுவும் இல்லை. ஆகவே, அந்தத் தாளில் நீங்கள் எதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறீர்களோ, அதுதான் உங்கள் வாடகை. பிறகு 'நான் அப்படி நினைக்கலையே' என்று சொல்லிப் பயனில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு குடும்பம் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வீட்டு வாடகை 15,000 ரூபாய். குடியிருப்போர் சங்கத்துக்கான பராமரிப்புக் கட்டணம், அதாவது நாம் மெயின்டனன்ஸ் என்று சொல்வது, 2,000 ரூபாய். மொத்தம் 17,000 ரூபாயை மாதாமாதம் ஓனர் கணக்குக்கு அனுப்புகிறார்கள். மெயின்டனன்ஸை ஓனரே சங்கத்தில் கட்டிவிடுகிறார். அட்வான்ஸாக மூன்று மாதத் தொகை, 51,000 ரூபாய், கொடுத்திருக்கிறார்கள்.

புதுப்பித்த ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் இப்படி இருக்கின்றன:

'மாத வாடகை பராமரிப்பு உட்பட ரூ.17,000. ஒப்பந்தக் காலம் 11 மாதங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அப்போதைய மாத வாடகையில் 10% உயர்த்தப்படும்.'

வாசிக்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஊரில் எல்லோரும் கொடுப்பதுதானே, வருஷத்துக்குப் பத்து என்று தோன்றும். புது வாடகை 17,000-ல் தொடங்குகிறது. 10% ஏற்ற ஒவ்வொரு முறையும் 1.1 ஆல் பெருக்கினால் போதும். பெருக்கிக்கொண்டே போகலாம்.

முதல் 11 மாதம்: ரூ.17,000
அடுத்த 11 மாதம்: ரூ.18,700
அதற்கடுத்த 11 மாதம்: ரூ.20,570
34-வது மாதம் முதல்: ரூ.22,627

கவனித்தீர்களா? மூன்று வருஷம் முடிவதற்குள்ளேயே மூன்றாவது உயர்வும் வந்துவிட்டது. 36 மாதங்களுக்கும் சேர்த்து இந்தக் குடும்பம் கொடுக்கும் தொகை 6,86,851 ரூபாய்.

இப்போது அந்த இரண்டு வரிகளை மட்டும் திருத்துவோம். பத்து சதவிகிதத்தைத் தொட வேண்டாம். ஓனர் கேட்டது கேட்டபடியே இருக்கட்டும்.

முதல் திருத்தம், வாடகையையும் மெயின்டனன்ஸையும் பிரித்து எழுதுவது. வாடகை 15,000, மெயின்டனன்ஸ் சங்கம் கேட்கும் தொகை, இப்போது 2,000. உயர்வு வாடகைக்கு மட்டும். ஏன் பிரிக்க வேண்டும்? மெயின்டனன்ஸ் ஓனருக்கு வருமானம் இல்லை. லிஃப்ட், வாட்ச்மேன், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான செலவு. சங்கம் அதை ஏற்றும்போது ஏற்றும்; சில வருஷம் ஏற்றாமலும் இருக்கும். 'பராமரிப்பு உட்பட' என்று எழுதியதால், சங்கம் ஒரு பைசாகூட ஏற்றாத வருஷத்திலும் நீங்கள் அந்த 2,000-க்கும் சேர்த்துப் பத்து சதவிகிதம் கொடுக்கிறீர்கள். இதைப் பிரித்து எழுதிவிட்டால், 36 மாத மொத்தம் 6,78,045 ரூபாய். மிச்சம் 8,806.

இரண்டாவது திருத்தம், 'புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும்' என்பதை '12 மாதங்களுக்கு ஒருமுறை' என்று மாற்றுவது. நம் ஊரில் ஒப்பந்தம் ஏன் 11 மாதத்துக்குப் போடுகிறோம்? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் 11 மாத வழக்கம் வந்தது. காகிதத்தின் ஆயுளுக்காக வந்த அந்த 11, வாடகை உயர்வுக்கும் காலக்கெடுவாகிவிட்டது. நம் சம்பள உயர்வு 11 மாதத்துக்கு ஒருமுறையா வருகிறது?

இந்தத் திருத்தத்துக்குப் பிறகு கணக்கு சுலபம். முதல் வருஷம் 15,000, இரண்டாம் வருஷம் 16,500, மூன்றாம் வருஷம் 18,150. மூன்றையும் கூட்டிப் பன்னிரண்டால் பெருக்கினால் 5,95,800. மெயின்டனன்ஸ் 36 மாதத்துக்கு 72,000. மொத்தம் 6,67,800 ரூபாய். இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் மிச்சம் 10,245.

இரண்டு திருத்தமும் சேர்ந்து 19,051 ரூபாய். சதவிகிதம் அதே பத்துதான்!

இன்னொரு விதமாகவும் பார்ப்போம். இந்தக் குடும்பம் வார்த்தைகளைத் தொடாமல், வழக்கம்போலச் சதவிகிதத்தை மட்டும் பேசி, பத்தை எட்டாகக் குறைத்திருந்தால்? 36 மாதத்தில் மிச்சமாவது சுமார் 15,500 ரூபாய். ஓனரிடம் மன்றாடி இரண்டு சதவிகிதம் குறைப்பதைவிட, இரண்டு வார்த்தைகளைச் சரியாக எழுதிக்கொள்வதில் கூடுதல் லாபம். ஓனருக்கும்கூட 'உங்க பத்தை நான் குறைக்கச் சொல்லலை, மெயின்டனன்ஸை மட்டும் தனியா எழுதிக்கலாம்' என்ற பேச்சு காதுக்கு இதமாக இருக்கும்.

சங்கம் மெயின்டனன்ஸை ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்றாம் வருஷம் 2,000 என்பது 2,300 ஆனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் செலவு 3,600 ரூபாய். அப்போதும் 15,451 ரூபாய் உங்கள் பக்கம்தான். ஒரே ஒரு ஜாக்கிரதை: சங்கத்தின் ரசீதைப் பார்த்துக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் நீங்களே நேரடியாகச் சங்கத்தில் கட்டிவிடுங்கள்.

மூன்று வருஷத்தின் மொத்தத்தைவிட, கடைசி மாதத்துத் தொகை வீட்டு பட்ஜெட்டை அதிகம் உறுத்தும். பழைய வரிப்படி 36-வது மாதம் 22,627 ரூபாய். திருத்திய வரிப்படி 20,150. மாதம் 2,477 ரூபாய் வித்தியாசம். பல வீடுகளில் இது ஒரு பிள்ளையின் ஸ்கூல் வேன் கட்டணமும் ஒரு கேஸ் சிலிண்டரும். நான்காம் வருஷப் பேச்சுவார்த்தை இந்தத் தொகையிலிருந்துதான் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் வாசகர்களில் சிலர் இதற்குள் இன்னொரு சொல்லைப் பிடித்திருப்பீர்கள். 'அப்போதைய மாத வாடகையில்' என்று இருக்கிறதே, அது வட்டிக்கு வட்டி மாதிரி ஆகாதா? ஆகும். 'முதலில் நிர்ணயித்த வாடகையில் 10%' என்று எழுதினால் ஒவ்வொரு வருஷமும் 1,500 ரூபாய் மட்டும் ஏறும். 'அப்போதைய வாடகையில்' என்றால் ஏற்றிய தொகையின் மேல் மறுபடி ஏறும். 15,000 ரூபாய் வாடகைக்கு, 12 மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில், இந்த வித்தியாசம் மூன்று வருஷத்தில் வெறும் 1,800 ரூபாய்தான். ஆனால் அதே வீட்டில் ஐந்து வருஷம் இருந்தால் 18,918 ரூபாய் ஆகிவிடுகிறது. ஆகவே, இரண்டு மூன்று வருஷத்தில் மாறிவிடுவோம் என்று தெரிந்தால் இதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம். பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் வரை இங்கேதான் என்றால், கேட்டுப் பாருங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஒப்பந்தங்களில் 'வாடகை உயரும்போது அட்வான்ஸும் அதற்கேற்ப உயர்த்தித் தரப்பட வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் திருத்தாத ஒப்பந்தத்தில் இந்த வரியும் இருந்திருந்தால், மூன்றாவது உயர்வின்போது அட்வான்ஸ் 67,881 ரூபாயாக இருக்க வேண்டும். அதாவது, கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் 16,881 ரூபாயை ஓனரிடம் கொடுத்திருப்பார்கள். காலி செய்யும்போது திரும்பி வரும் பணம்தான். ஆனால் அதுவரை வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கும். 'அட்வான்ஸில் மாற்றம் இல்லை' என்ற மூன்று சொற்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட நான் உங்களை எச்சரிக்க விரும்புவது இன்னொரு வாசகத்தைப் பற்றி: '10% அல்லது சந்தை நிலவரம், இவற்றில் எது அதிகமோ அது.'

இந்த 'எது அதிகமோ' வந்துவிட்டால் நாம் இதுவரை போட்ட கணக்கு எதற்கும் அர்த்தமில்லை. பத்து என்பது நீங்கள் கொடுக்கும் அதிகபட்சம் என்று நினைப்பீர்கள். உண்மையில் அது குறைந்தபட்சம். பக்கத்துத் தெருவில் ஒரு புது ஃபிளாட் எவ்வளவுக்குப் போனது என்பதை வைத்து உங்கள் வாடகையைக் கேட்கலாம். சந்தை நிலவரம் என்பதை யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது என்று ஒப்பந்தத்தில் இருக்காது. வரும் வருஷம் எவ்வளவு என்று இருவருக்கும் முன்கூட்டியே தெரியத்தானே உயர்வு விகிதத்தை எழுதுகிறோம்? தெரியவிடாத ஒரு வாசகம் அங்கே எதற்கு? அதை நீக்கச் சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

நம் வாசகர்களில் வீட்டு உரிமையாளர்களும் கணிசமாக இருக்கிறீர்கள். பி.எஃப். பணத்தைப் போட்டு ஒரு மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களை எனக்குத் தெரியும். 'இவர் என்ன, குடியிருப்பவர் பக்கமே பேசுகிறாரே' என்று நினைக்க வேண்டாம். சொத்து வரி 2022-ல் உயர்ந்ததை நீங்கள்தான் கட்டினீர்கள். பெயின்ட், பிளம்பிங் கூலி எதுவும் பழைய விலையில் இல்லை. வாடகை வருஷா வருஷம் ஏறத்தான் வேண்டும்.

ஆனால் உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் மூன்று வருஷத்தில் ஓனர் விட்டுக்கொடுத்தது 19,051 ரூபாய். அதே குடும்பம் கோபத்தில் காலி செய்து, வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் வாடகை 15,000 போகும். காலி வீட்டுக்கும் சங்கம் மெயின்டனன்ஸ் கேட்கும், அது 2,000. அடுத்தவர் வருவதற்குள் பெயின்ட் அடிக்க வேண்டும். விட்டுக்கொடுத்த தொகையைவிடக் கூடுதலாகவே செலவாகிவிடும். ஒழுங்காக வாடகை கொடுக்கும், சுவரில் ஆணி அடிக்காத ஒரு குடும்பம் உங்களுக்குக் கிடைத்திருந்தால், அவர்களோடு தெளிவான வரியில் ஒப்பந்தம் போடுவது உங்களுக்குத்தான் லாபம்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் பார்த்துவிடலாம். ஒப்பந்தம் 11 மாதம், உயர்வு 12 மாதத்துக்கு ஒருமுறை என்றால், எப்படி எழுதுவது? சிரமமே இல்லை. ஒப்பந்தம் 2025 ஜூன் 1-ல் தொடங்கினால், 2026 ஏப்ரல் 30-ல் முடியும். மே 1-ல் புதுப்பிக்கிறீர்கள். அதில் 'மே மாதத்துக்குப் பழைய வாடகை, ஜூன் முதல் புதிய வாடகை' என்று எழுதினால் போதும். அடுத்த முறை ஏப்ரல் 1-ல் புதுப்பிப்பீர்கள். அப்போது ஏப்ரல், மே இரண்டு மாதமும் பழைய வாடகை. எத்தனை முறை காகிதத்தைப் புதுப்பித்தாலும், உயர்வு ஜூன் 1-ல்தான்.

இனி, என் யோசனைக்கு வருகிறேன். உண்மையில், இந்தச் சதவிகிதமே ஒப்பந்தத்தில் எதற்கு? மூன்று வருஷத்துக்கும் ரூபாயிலேயே எழுதிவிடுங்களேன். இப்படி:

2025 ஜூன் முதல் 2026 மே வரை: மாத வாடகை ரூ.15,000
2026 ஜூன் முதல் 2027 மே வரை: மாத வாடகை ரூ.16,500
2027 ஜூன் முதல் 2028 மே வரை: மாத வாடகை ரூ.18,150
பராமரிப்புக் கட்டணம் தனி, சங்கத்தின் ரசீதுப்படி. அட்வான்ஸில் மாற்றம் இல்லை.

இதில் எந்தத் தொகையின் மேல் என்ற கேள்வி இல்லை. எந்த மாதத்திலிருந்து என்ற கேள்வி இல்லை. 20,570-ஐ 'ரவுண்டா 21,000-ஆ கொடுத்துடுங்க' என்ற பேச்சும், அந்த 21,000-த்தின் மேல் அடுத்த பத்து சதவிகிதமும் இல்லை. படிக்கத் தெரிந்த யாரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பட்டியலையே மறுபடி எழுதிக்கொள்ளலாம். புதுப்பிக்காமல் போக இருவருக்கும் உரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் புதுப்பித்தால் எவ்வளவு என்பதில் வாக்குவாதம் இருக்காது.

இந்தப் பட்டியலை ஓனரிடம் கொடுக்க வேண்டிய நேரமும் முக்கியம். ஒப்பந்தம் முடிகிற வாரத்தில் வேண்டாம். அப்போது அவர் கையில் டைப் அடித்த காகிதம் வந்திருக்கும். திருத்தச் சொன்னால் முகம் மாறும். இரண்டு மாதம் முன்பே, வாடகை அனுப்பும் நாளில் ஒரு போன் பண்ணி, 'சார், இந்த தடவை அக்ரிமென்ட்ல தொகையை வருஷவாரியா எழுதிக்கலாமா? ரெண்டு பேருக்கும் தெளிவா இருக்கும்' என்று கேளுங்கள். ஓனராக இருந்தால், அதே இரண்டு மாதம் முன்பு நீங்களே பட்டியலை எழுதிக் குடியிருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். யோசிக்க அவர்களுக்கும் நேரம் கிடைக்கும்.

இன்று மாலை பீரோவிலிருந்து உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். உயர்வு பற்றிய வரியைத் தேடி, 36-வது மாதம் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடுங்கள். வரும் தொகை நீங்கள் மனதில் நினைத்திருந்ததைவிட அதிகமாக இருந்தால், அடுத்த புதுப்பித்தலில் எந்த வார்த்தையை மாற்றச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்